குக்கரின் உள்பாத்திரத்தில் கஞ்சிப் பொருக்கும், கழுவியும் போகாத வாடையும்

கௌசல்யா, தாம்பரம் | 2 ஜூன் 2024, காலை 9.10

எங்கள் வீட்டு மின்சார ரைஸ் குக்கர் 1.8 லிட்டர் அளவுடையது. மூடி கீல் வைத்து உடலோடு இணைந்திருக்கும். உள்பாத்திரத்தில் கருப்பு நிற ஒட்டாப்பூச்சு உண்டு. வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. காலை 6 மணிக்குப் பச்சரிசி போட்டு, பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கு எடுத்தது போக, மீதிச் சோறு பிற்பகல் 2 மணி வரை வார்ம் நிலையிலேயே இருக்கும். மாலையில் கழுவப் போகும்போது அடியில் பாலாடை போன்ற ஒரு படலம் காய்ந்து இறுகியிருக்கிறது. உட்சுவரில் பாதி உயரத்தில், விரலால் தடவினால் சொரசொரக்கும் வெள்ளை வளையம் ஒன்றும் மாதத்துக்கு மாதம் தடித்து வருகிறது.

வாடைதான் பெரிய தொல்லை. நன்றாகக் கழுவித் துடைத்து மூடி வைத்தாலும், மறுநாள் காலையில் திறந்தவுடன் புளித்த கஞ்சியின் வாடை முகத்தில் அடிக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாயிற்று. வாரம் ஒருமுறை பாதிப் பாத்திரம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தும் பார்த்தாயிற்று. பொருக்கு முழுவதும் போய்விட்டால் வாடையும் போய்விடும் என்று நினைக்கிறேன். பூச்சு கெடாமல் அதை எப்படி எடுப்பது?

ரவிச்சந்திரன் | 2 ஜூன், காலை 11.32

இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைப் பாத்திரத்தில் தூவி, அதன் மேல் அரைக் கோப்பை வினிகரை ஊற்றுங்கள். நுரை பொங்கும்போதே பொருக்கும் வாடையும் சேர்ந்து கிளம்பிவிடும். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன். அப்படியும் வாடை இருந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன் துளைகளில் கஞ்சி ஏறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. பாத்திரத்தை மாற்றுவதுதான் வழி.

சாந்தினி, யாழ்ப்பாணம் | 2 ஜூன், மாலை 4.05

அக்கா, எனக்கும் இதே பிரச்சினைதான். என்னுடையது கண்ணாடி மூடி போட்ட பழைய வகைக் குக்கர். உள்ளே பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம். சோடாத்தூள் போட்டு இரவு முழுவதும் ஊற வைத்தேன். பொருக்குப் போனது உண்மை. ஆனால் காலையில் பார்த்தபோது தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் பாத்திரம் கறுத்துப் போயிருந்தது. தேசிக்காய்த் தோலால் தேய்த்தும் முழுதாக வெளுக்கவில்லை. அந்தக் கறுப்பை எடுக்க என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கௌசல்யா | 2 ஜூன், இரவு 8.50

சாந்தினி, என்னுடையது பூச்சுள்ள பாத்திரம். கறுப்பு அதன் இயல்பான நிறம். உங்களுடையது வேறு சிக்கல் என்று தோன்றுகிறது. அதற்கு எனக்கு விடை தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ரவிச்சந்திரன் சொன்னபடி இன்று மாலை செய்தேன். நுரை பொங்கியது, ஒரு நிமிடத்தில் அடங்கியது. வளையம் அப்படியே இருக்கிறது. அடியில் இருந்த படலம் கொஞ்சம் இளகியது. அது நீரில் ஊறியதால் இளகியதா, சோடாவால் இளகியதா என்று சொல்லத் தெரியவில்லை.

முருகேசன், மதுரை | 3 ஜூன், காலை 6.20

மிக்சி, கிரைண்டர், ரைஸ் குக்கர் பழுது பார்ப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பொருக்கையும் வாடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டுமே தீராது.

சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். இரண்டும் தனித்தனியே பயனுள்ள பொருள்கள். இன்றைக்கு ஒன்று, கழுவிய பிறகு மற்றொன்று என்றால் சரி.

அடியில் ஒட்டும் படலத்துக்கு இவை இரண்டுமே வேண்டாம். அரிசியிலிருந்து வெளியேறும் கஞ்சி, நீர் வற்றும்போது அடியில் கெட்டிப்படுகிறது. ஸ்விட்ச் மேலேறிய பின்னும் வார்ம் சூடு ஏழெட்டு மணி நேரம் அதைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது. காய்ந்த கஞ்சியும் ஒரு பசைதான். அதை இளக்க வேண்டியது சூடும் ஈரமும். சோற்றை எடுத்ததும் பாத்திரம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். பிறகு வெந்நீரைப் படலம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவம் நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்தால், பஞ்சின் மென்மையான பக்கத்தாலேயே வழித்து எடுத்துவிடலாம். இரவு முழுக்கக் காய்ந்துவிட்டதென்றால் பாத்திரத்தைக் குக்கருக்குள் வைத்து, வெறும் நீர் ஊற்றி, வார்ம் நிலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்போது சோப்பு சேர்க்கக் கூடாது. நுரை ஆவித் துவாரத்தில் ஏறிவிடும். சுடச்சுட இருக்கும் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். பூச்சு உரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாடைக்கு வருகிறேன். பூச்சின் துளையில் கஞ்சி ஏறி நாறுவதாக இங்கே ஒருவர் சொன்னார். வழவழப்பாக இருக்கும் பூச்சில் அப்படி எதுவும் தங்காது. கடைக்கு வாடை என்று வரும் குக்கர்களில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது மூடியைத்தான். அம்மா, உங்கள் குக்கரின் மேல் மூடியில் ஆவி வெளியேறும் குமிழ் ஒன்று இருக்குமே, அதைக் கடைசியாக எப்போது கழற்றிக் கழுவினீர்கள்?

கௌசல்யா | 3 ஜூன், காலை 7.02

அது கழலும் என்பதே எனக்குத் தெரியாது ஐயா.

ரவிச்சந்திரன் | 3 ஜூன், காலை 10.15

முருகேசன் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் என் பழைய குக்கரில் பூச்சு உரிந்த இடங்களில் சோறு ஒட்டியது, வாடையும் வந்தது. பாத்திரத்தை மாற்றியதும் இரண்டும் நின்றன. அதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

முருகேசன் | 3 ஜூன், பிற்பகல் 1.40

உரிந்த பூச்சு என்றால் நீங்கள் சொல்வது சரி. பூச்சு எழும்பிய ஓரங்களுக்கு அடியில் கஞ்சி நுழைந்து தங்கும். அப்படிப்பட்ட பாத்திரத்தை மாற்றத்தான் வேண்டும். கௌசல்யா அம்மா சொன்ன அடையாளங்களில் உரிதல் இல்லை. அதனால்தான் மூடியைப் பார்க்கச் சொன்னேன்.

இளங்கோ | 3 ஜூன், மாலை 5.48

நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். குக்கரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த வெள்ளை வளையம் மாவுப்பொருள்தானா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. வீட்டில் காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்து இருந்தால், ஒரு சொட்டில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் கலந்து, ஆறிய பாத்திரத்தில் அடிப்படலத்தின் மேல் ஒரு சொட்டும் வளையத்தின் மேல் ஒரு சொட்டும் வையுங்கள். மாவுப்பொருள் இருந்தால் கருநீலமாக மாறும். இல்லையென்றால் பழுப்பு நிறம் மாறாமல் இருக்கும். தீய்ந்து பழுப்பேறிய இடத்தில் நிற மாற்றத்தைக் கண்டுபிடிப்பது கடினம். வெள்ளையாக உள்ள இடத்தில் மட்டும் பாருங்கள். பார்த்து முடித்ததும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். ரப்பர் வளையத்தின் மேல் பட வேண்டாம், கறை நின்றுவிடும்.

கௌசல்யா | 4 ஜூன், இரவு 9.25

இரண்டு சோதனைகளையும் இன்று செய்தேன்.

முதலில் அயோடின். அடிப்படலத்தில் வைத்த சொட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனா மை கொட்டியதைப் போலக் கறுத்தது. வளையத்தின் மேல் வைத்த சொட்டு ஐந்து நிமிடம் கழித்தும் தேநீர் நிறத்திலேயே இருந்தது. நகத்தால் வளையத்தைச் சுரண்டி எடுத்த ஒரு துணுக்கின் அடிப்பக்கத்தில் மட்டும் ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகள் இரண்டு மூன்று தெரிந்தன. ஆக, நான் இத்தனை மாதம் கஞ்சி என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் கஞ்சியே இல்லை.

அடுத்து மூடி. ஆவிக் குமிழைச் சற்றுத் திருகி மேலே இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அது இரண்டு துண்டாகப் பிரிகிறது. உள்ளே, ஆவி வளைந்து செல்லும் சிறு அறையில், பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று பழைய கஞ்சி சேர்ந்திருந்தது. உள்மூடியின் ரப்பர் வளையத்தை மடித்துப் பார்த்தால், மடிப்புக்குள் தயிர்போல வெள்ளையாக ஒரு கோடு. குக்கரின் பின்பக்கம் நீர் சேரும் சிறிய பெட்டியில் அரை விரற்கடை கலங்கிய தண்ணீர். அதை எப்போதாவது கொட்டுவேன். சோப்பு போட்டுக் கழுவியதே இல்லை.

எது நாறுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்கே ஒரு வழி தோன்றியது. குமிழ், ரப்பர் வளையத்துடன் கூடிய உள்மூடி, நீர்ப்பெட்டி ஆகிய மூன்றையும் கழுவாமலேயே தனித்தனி எவர்சில்வர் பாத்திரங்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றி மூடி வைத்தேன். உள்பாத்திரத்திலும் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றித் தட்டால் மூடினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். உள்பாத்திரத்தில் எந்த வாடையும் இல்லை. நீர்ப்பெட்டியில் இலேசான ஊசல். குமிழிலும் ரப்பர் வளையத்திலும் காலையில் என் முகத்தில் அடிக்கும் அதே வாடை. பொருக்கு போனால் வாடை போய்விடும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன், அது தவறு.

ஹமீதா, கிள்ளான் | 5 ஜூன், காலை 8.30

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை தேங்காய்ப்பால் சோறு குக்கரிலேயே ஆக்குவோம். எனக்கும் ரப்பரில்தான் வாடை நிற்கும். ஆனால் அது புளித்த வாடை இல்லை. பழைய எண்ணெயின் சிக்கு வாடை. வினிகர் போட்டுக் கொதிக்க வைத்தபோது வினிகர் வாடையும் சேர்ந்துகொண்டதே தவிர, சிக்கு போகவில்லை. வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தாராளமாகக் கலந்து, வளையத்தை அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் மடிப்புக்குள் தேய்த்த பிறகுதான் குறைந்தது. எண்ணெய்க்குச் சோப்புதான் சரி என்பது என் அனுபவம்.

அடிப்படலத்துக்கு ஊற வைக்க வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறார்கள். நான் ஊற வைப்பதே இல்லை. சோற்றை எடுத்ததும் பாத்திரத்தை வெளியே வைத்து, திறந்தபடியே மாலை வரை காய விடுவேன். படலம் முழுவதும் காய்ந்து, ஓரம் தானாகவே எழும்பிவிடும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் காகிதம்போல ஒரே தாளாக உரிந்து வரும். தேய்க்கவே வேண்டியதில்லை.

முருகேசன் | 5 ஜூன், காலை 9.15

ஹமீதா அம்மா சொல்வது பூச்சு புதிதாக, கீறல் இல்லாமல் இருக்கும் வரை நடக்கும். கீறல் விழுந்த பாத்திரத்தில் படலம் அந்தக் கீறல்களைப் பிடித்துக்கொள்ளும். பாதி உரியும், பாதி நிற்கும். அலுமினியத்தில் அறவே வராது. தேங்காய்ப்பால் சோற்றின் படலத்தில் எண்ணெய் இருப்பதால் அது எளிதாக உரியும் என்றும் நினைக்கிறேன். வெறும் சோற்றிலும் அப்படி வருகிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹமீதா | 5 ஜூன், மதியம் 12.20

வெறும் சோற்றிலும் வருகிறது. ஆனால் பாத்திரம் வாங்கி எட்டு மாதங்கள்தான் ஆகின்றன.

இளங்கோ | 5 ஜூன், மாலை 6.10

வளையம் அயோடினுக்கு நிறம் மாறவில்லை என்றால், அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பாக இருக்கலாம். நீங்கள் பயன்படுத்துவது போர்த் தண்ணீரா? வெள்ளை வினிகரில் ஒரு துணிப்பட்டையை நனைத்து வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் ஒட்டி வையுங்கள். சிறு குமிழிகள் எழுந்தால் ஐயமே இல்லை.

கௌசல்யா | 6 ஜூன், இரவு 10.05

ஆம், குழாயில் வருவது போர்த் தண்ணீர்தான். குடிக்கவும் அரிசி வேக வைக்கவும் கேன் தண்ணீர். கழுவுவதற்குப் போர்த் தண்ணீர். அதனால் சுண்ணாம்பாக இருக்க முடியாது என்றே முதலில் நினைத்தேன்.

பழைய பருத்திப் புடவையின் ஓரத்தைப் பட்டையாகக் கிழித்து, வினிகரில் நனைத்து, வளையத்தின் ஒரு கால்பகுதியில் ஒட்டினேன். துணியின் ஓரத்தில் சோடா பாட்டிலில் எழுவதைப் போன்ற மிகச் சிறிய குமிழிகள் வரிசையாகத் தெரிந்தன. இருபது நிமிடம் கழித்துத் துணியை எடுத்து, பஞ்சின் மென்மையான பக்கத்தால் ஒருமுறை துடைத்ததும், நனைந்த சாக்பீஸ்போல வழிந்து வந்துவிட்டது. அந்தக் கால்பகுதியில் மட்டும் கறுப்புப் பூச்சு பளிச்சென்று தெரிந்தது. மற்ற முக்கால்பகுதியையும் அப்படியே எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து வைத்துவிட்டேன். கீறல் ஒன்றுகூட விழவில்லை.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வாரம் ஒருமுறை வாடை போவதற்காகப் பாதிப் பாத்திரம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தேன் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறேன் அல்லவா? அதற்கு ஊற்றியது போர்த் தண்ணீர். இரண்டு மூன்று முறை அணைக்க மறந்து, தண்ணீர் வற்றும் வரை கொதித்தும் இருக்கிறது. வளையம் நின்ற மட்டமும் நான் தண்ணீர் ஊற்றும் மட்டமும் ஒன்றே. எட்டு மாதமாக அந்த வளையத்தை நானேதான் வாரந்தோறும் வளர்த்திருக்கிறேன். சுத்தம் செய்வதாக நினைத்து இப்படிச் செய்துகொண்டிருந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

முருகேசன் | 7 ஜூன், காலை 6.45

தண்ணீர் வற்றும் வரை கொதித்ததற்குக் காரணம் மறதி மட்டும் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் குக்கரில் ஒரே நெம்பு ஸ்விட்ச்தானே? அந்த வகையில் அடியின் நடுவே வில்லின் மேல் ஒரு காந்தம் இருக்கும். பாத்திரத்தில் தண்ணீர் உள்ளவரை அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றி, சூடு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் காந்தம் தன் பிடியை விடும். ஸ்விட்ச் மேலே ஏறும். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கடைசிச் சொட்டு வற்றும் வரை அது தானாக நிற்காது. பதினைந்து நிமிடத்தில் நாமே நிறுத்த வேண்டும்.

மூடியைக் கழுவிய பிறகு ஆவிப்பாதைக்குள் எஞ்சியிருக்கும் வாடைக்கு ஒருமுறை கொதிக்க வைப்பது நல்லதுதான். கேன் தண்ணீர் பாதி அளவு, அதில் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. குமிழை மாட்டி, மூடியைச் சாத்தி, கொதி வந்ததிலிருந்து பதினைந்து நிமிடம். ஆவி அந்தப் பாதையில் போகும். நிறுத்தி, ஆறிய பின் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்தே வைத்துக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடினால் மறுநாளே பழைய கதைதான்.

இன்னொன்றையும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பின், சூட்டுத் தட்டின் மேல் கருகிய பருக்கை ஏதாவது ஒட்டியிருக்கிறதா? ஒரு பருக்கை இருந்தாலே பாத்திரம் சரியாக அமராது. ஒரு பக்கம் அடிப்பிடிக்கும், காந்தல் வாடையும் ஒவ்வொரு முறையும் வரும். அதை நுண்ணிய உப்புத்தாளால் அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். நடுவில் உள்ள காந்தத்தை விரலால் அழுத்தினால் தடையில்லாமல் இறங்கி ஏற வேண்டும். உடலைக் குழாயடியில் காட்டவே கூடாது.

சாந்தினி அம்மாவின் கறுப்புக்கும் சொல்லிவிடுகிறேன். சோடா காரத்தன்மை உள்ளது. பூச்சில்லாத அலுமினியத்தில் நெடுநேரம் நின்றால் கறுக்கத்தான் செய்யும். புளிக்கரைசல் அல்லது தேசிக்காய்ச் சாறு கலந்த நீரைக் கறுத்த மட்டத்துக்கு ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் பெருமளவு வெளுக்கும். அந்த நீரை அதிலேயே ஊற விடாமல் உடனே கொட்டிவிடுங்கள்.

கௌசல்யா | 9 ஜூன், காலை 8.15

குமிழ், உள்மூடி, நீர்ப்பெட்டி மூன்றையும் ஹமீதா சொன்ன முறையில் சோப்பு வெந்நீரில் ஊற வைத்துப் பல்துலக்கியால் தேய்த்தேன். ரப்பர் வளையத்தை உள்மூடியிலிருந்து பிடுங்க முயலவில்லை. மடித்து மடித்தே தேய்த்தேன். நிழலில் ஒரு பகல் முழுவதும் காய வைத்தேன். எலுமிச்சைத் தண்ணீரை அடுப்புக் கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் வைத்துக் கொதிக்க விட்டேன். சூட்டுத் தட்டின் ஓரத்தில் கருகிய பருக்கை ஒன்று இருந்தது, அதையும் எடுத்தாயிற்று.

நேற்றும் இன்றும் காலையில் திறந்தபோது வாடை இல்லை.

கௌசல்யா | 13 ஜூன், பிற்பகல் 3.30

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். காலையில் காலிக் குக்கரைத் திறக்கும்போது வாடை இல்லை என்பது இன்றுவரை உண்மை. ஆனால் நேற்றும் இன்றும் பிற்பகல் 2 மணிக்குச் சோற்றை எடுக்கும்போது, அதே வாடை சோற்றிலிருந்தே இலேசாக வந்தது. சுவரை ஒட்டியிருந்த பருக்கைகள் ஈரமாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டின. குமிழை மறுபடியும் கழற்றி முகர்ந்தேன்; சுத்தமாக இருக்கிறது.

ரவிச்சந்திரன் | 13 ஜூன், மாலை 4.10

கோடைக்காலத்தில் எட்டு மணி நேரம் வைத்தால் எந்தச் சோறும் ஊசத்தான் செய்யும். சாப்பிடும் முன் மறுபடி நன்றாகச் சூடுபடுத்திவிட்டால் போதும்.

முருகேசன் | 13 ஜூன், இரவு 7.55

வார்ம் சரியாக வேலை செய்தால் வெளியே கோடையாக இருந்தாலும் உள்ளே சோறு 60 டிகிரிக்கு மேல் நிற்கும். எட்டு மணி நேரத்தில் மணம் குறையும், காயும், ஆனால் பிசுபிசுக்காது. வார்ம் நிலைக்கு என்று தனியாகச் சிறிய சுருள் இருக்கும் குக்கர்களில், அது பழுதானாலும் சமையல் வழக்கம்போல நடக்கும், யாருக்கும் தெரியாது. சமையலறை வெப்பமானி இருந்தால் நாளை 11 மணிக்குச் சோற்றின் நடுவில் குத்திப் பாருங்கள். அதுவரை அந்தச் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

இளங்கோ | 13 ஜூன், இரவு 9.00

மறுபடி சூடுபடுத்தினால் போதும் என்பதை நான் மறுக்கிறேன். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகும். அவை சோற்றில் விடும் நச்சுகளில் வாந்தியை உண்டாக்கும் ஒன்று, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. வாடை வந்த சோற்றைக் கொட்டிவிடுவதுதான் சரி.

கௌசல்யா | 14 ஜூன், மதியம் 12.10

காலை 6.40க்கு ஸ்விட்ச் மேலேறியது. 11 மணிக்கு நடுவில் 54 டிகிரி, சுவரோரத்தில் 49. வார்ம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சோற்றைக் கொட்டிவிட்டேன்.

என் மாமியார் ஒன்று சொன்னார், அதையும் பதிகிறேன். முன்பு பித்தளைப் பானையில் வடித்த காலத்தில் சோற்றைப் பானையிலேயே விட மாட்டார்களாம். கஞ்சி வடிந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, பானையில் உடனே தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம். அடியில் பொருக்கு கட்டவே கட்டாதாம். நாளையிலிருந்து 7 மணிக்கே சோற்றை ஹாட்பாக்ஸுக்கு மாற்றிவிட்டு, பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிவிடப் போகிறேன்.

முருகேசன் | 14 ஜூன், இரவு 8.20

விளக்கு எரிவதை வைத்துச் சுருள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் தெரிந்த கடையில் காட்டுங்கள். சுருள் அறுந்திருந்தால் மாற்றலாம். ஐந்து வருடக் குக்கருக்கு அந்தச் செலவு தகுமா என்பதை விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். ஹாட்பாக்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. மூடி சரியாகப் பொருந்தாத பழைய பெட்டியாக இருந்தால் அதிலும் மதியத்துக்குள் சூடு இறங்கிவிடும். அதிலும் ஒருமுறை வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

கௌசல்யா | 22 ஜூன், காலை 10.40

எட்டு நாள்களாக அடியில் படலம் காய்ந்து இறுகவில்லை. வெந்நீரில் இருபது நிமிடத்திலேயே வழிந்துவிடுகிறது. ஹாட்பாக்ஸில் 7 மணிக்கு வைத்த சோறு 11 மணிக்கு 63 டிகிரி, 1 மணிக்கு 56. ஆகவே மதியச் சாப்பாட்டை 12 மணிக்கு முன்பே முடித்துக்கொள்கிறோம். பெரியவர் ஒருவருக்கு மட்டும் 2 மணிக்குத் தனியாக ஒரு கைப்பிடி அரிசி சிறிய பாத்திரத்தில் வைத்துவிடுகிறேன். குக்கரைக் கடைக்கு இன்னும் எடுத்துச் செல்லவில்லை.

ஹமீதா | 22 ஜூன், மாலை 5.05

நான் ஒன்றைத் திருத்த வேண்டும். போன வாரம் என் மகன் இரும்பு நாரால் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டான். இப்போது அடிப்படலம் தாளாக உரிவதில்லை; கீறல் விழுந்த இரண்டு இடங்களில் பிடித்துக்கொண்டு கிழிகிறது. முருகேசன் ஐயா சொன்னது அப்படியே நடக்கிறது. இனி நானும் ஊற வைக்கத்தான் வேண்டும்.

சாந்தினி | 30 ஜூன், காலை 7.50

புளிக்கரைசலில் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் ஒரு கிழமைக்குள் திரும்பவும் மங்கலாகக் கறுத்து வருகிறது. இந்த முறை நான் சோடாத்தூள் தொடவே இல்லை. எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர். இங்கே நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல், கேத்தலிலும் வெள்ளை கட்டும். அந்தத் தண்ணீர்தான் காரணமோ என்று நினைக்கிறேன்.

முருகேசன் | 30 ஜூன், இரவு 9.10

அப்படித்தான் இருக்க வேண்டும். கடினத் தண்ணீர் கொதித்தால் அலுமினியம் கறுக்கும். அந்தக் கறுப்பால் சோற்றுக்குக் கெடுதல் இல்லை. ஒவ்வொரு கிழமையும் புளி போட்டு வெளுக்க வைத்தால் உலோகம்தான் தேயும், விட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் ஒரு வாரம் சமைத்துப் பார்த்து, கறுப்பு வருகிறதா என்று எழுதுங்கள்.

சாந்தினி | 1 ஜூலை, காலை 6.35

இங்கே மழை ஐப்பசியில்தான் பெய்யும் ஐயா. அப்போது எழுதுகிறேன்.